அப்பாவின் சுகர் நோட்டு: எல்லாப் புள்ளியும் பட்டைக்குள், ஆனாலும் ஃபாஸ்டிங் சரியில்லை என்கிறார் டாக்டர்

தாரணி_எழில்

வணக்கம். அப்பாவுக்கு 74 வயது. காலையில் வெறும் வயிற்றில் ஒரு தடவை, இரவுச் சாப்பாட்டில் கை வைத்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை என்று குளுக்கோமீட்டரில் பார்த்து நோட்டில் எழுதி வைக்கிறார். அதைப் படமாகப் போட்டால் டாக்டருக்குப் பார்க்கச் சுலபமாக இருக்குமே என்று, எல்லா அளவையும் நேர வரிசையில் ஒரே கோடாக இணைத்து, பின்னணியில் 70 முதல் 180 வரை பச்சைப் பட்டை போட்டேன். ஒரு புள்ளிகூட வெளியே போகவில்லை.

டாக்டர் படத்தை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு நோட்டை வாங்கிப் புரட்டினார். "ஃபாஸ்டிங் ஏறிக்கொண்டே வருகிறதே, கவனித்தீர்களா?" என்று கேட்டார். படத்திலோ கோடு ரம்பப் பல் மாதிரி மேலும் கீழும் போகிறது, ஏற்றம் என்று எதுவும் கண்ணில் படவில்லை. பட்டை தப்பா, படம் போட்ட முறையே தப்பா? அளவுகள் இதோ. இரண்டு நாள் காலையில் பார்க்க மறந்துவிட்டார், அதனால் அந்த இடம் காலி.

```
date,fasting,dinner2h
2025-03-01,132,168
2025-03-02,128,172
2025-03-03,136,159
2025-03-04,141,175
2025-03-05,138,164
2025-03-06,,170
2025-03-07,144,151
2025-03-08,139,166
2025-03-09,147,177
2025-03-10,151,162
2025-03-11,146,169
2025-03-12,,158
2025-03-13,153,173
2025-03-14,156,165
```

வேணு_கணக்கன்

பட்டைதான் தப்பு. 180 வரை விட்டால் எதுதான் வெளியே போகும்? 80 முதல் 130 வரை வையுங்கள். எக்செலில் செய்கிறீர்கள் என்றால் பட்டைக்கு இரண்டு நெடுவரிசை சேர்த்து, அடுக்குப் பரப்பு வரைபடமாகப் போட்டு, கீழ் அடுக்கின் நிறத்தை எடுத்துவிடுங்கள். மேல் அடுக்குதான் பட்டையாகத் தெரியும்.

தாரணி_எழில்

வேணு சார், அப்படியே செய்து பார்த்தேன். இப்போது இரவு அளவுகள் அத்தனையும் 130-க்கு மேலே நிற்கின்றன. அப்பா படத்தைப் பார்த்துவிட்டு, இனிமேல் இரவில் சாப்பிடவே வேண்டாம் என்கிறார். இன்னொரு விஷயம், பட்டையே 80-இல் ஆரம்பித்து 210 வரை போகிறது. 80, 130 என்றுதான் கொடுத்தேன்.

வேணு_கணக்கன்

மேல் அடுக்குக்கு 130 என்று கொடுக்கக் கூடாது, வித்தியாசத்தைக் கொடுக்க வேண்டும். 80-க்கு மேல் 50 அடுக்கினால்தான் 130 வரும். நீங்கள் கொடுத்தது 80 கூட்டல் 130, அதனால் 210-இல் போய் நிற்கிறது. அச்சில் இருக்கும் எண்ணோடு பட்டையின் மேல் விளிம்பை ஒரு தடவை ஒப்பிட்டுப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

செவிலி_அமுதா

தாரணி, முதலில் அப்பாவை இரவுச் சாப்பாட்டை விட வேண்டாம் என்று சொல்லுங்கள். மாத்திரையோ இன்சுலினோ போட்டுக்கொண்டு சாப்பிடாமல் படுத்தால் இரவில் லோ ஆகிவிடும். அவருடைய இரவு அளவுகளில் ஒரு கோளாறும் இல்லை.

நீரிழிவுப் பிரிவில் பல வருடமாக நோயாளிகளின் நோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வேணு சொன்ன 80–130 சரியான எண்தான். ஆனால் அது வெறும் வயிற்றுக்கும் சாப்பாட்டுக்கு முன்னால் பார்ப்பதற்கும் உள்ள இலக்கு. சாப்பிட ஆரம்பித்து ஒன்று முதல் இரண்டு மணி நேரத்துக்குள் பார்த்தால் 180-க்குள் இருந்தால் போதும். அமெரிக்க நீரிழிவு சங்கம் பொதுவாகப் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு இது, கர்ப்பிணிகளுக்கு இல்லை.

நீங்கள் முதலில் போட்ட 70–180 எங்கிருந்து வந்தது தெரியுமா? தோலில் ஒட்டும் சென்சாருக்கானது அது. சென்சார் ராப்பகலாகச் சில நிமிடத்துக்கு ஒரு தடவை அளக்கிறது. ஒரு நாளில் எத்தனை சதவீத நேரம் 70-க்கும் 180-க்கும் நடுவில் இருந்தது என்று அதில் கணக்குப் போடலாம், பலருக்கு 70 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும் என்பது இலக்கு. அப்பா பார்ப்பது நாளுக்கு இரண்டு சொட்டு ரத்தம். இருபத்தாறு புள்ளியும் உள்ளே இருப்பதால் "நூறு சதவீத நேரம் இலக்குக்குள்" என்று ஆகிவிடாது. மதியம் மூன்று மணிக்கு என்ன இருந்தது என்று நம் யாருக்கும் தெரியாது.

உங்கள் படத்தில் இரண்டு விதமான அளவு ஒரே கோட்டில் மாட்டிக்கொண்டிருக்கிறது. காலையில் 141, அன்று இரவு 175, மறுநாள் காலை 138. இப்படிப் பெரும்பாலான நாள் இருபது முப்பது ஏறி இறங்குகிறது. ஃபாஸ்டிங் மட்டும் பார்த்தால் முதல் நான்கு அளவின் சராசரி 134, கடைசி நான்கின் சராசரி 151. இரண்டு வாரத்தில் 17 ஏறியிருக்கிறது. இருபது முப்பதாகக் குதிக்கிற கோட்டில் பதினேழு எப்படித் தெரியும்? இரவு அளவில் அதே கணக்குப் போட்டால் 168, 166. அசையவே இல்லை. டாக்டர் நோட்டில் ஃபாஸ்டிங் நெடுவரிசையை மட்டும் மேலிருந்து கீழே படித்திருப்பார். படமும் அப்படித்தான் இருக்க வேண்டும்: இரண்டு கட்டம், ஒவ்வொன்றுக்கும் அதனதன் பட்டை.

கோடுவரை

அமுதா அக்கா சொன்னதைப் பைத்தானில் போட்டுத் தருகிறேன். தாரணி கொடுத்த கோப்பை அப்படியே `diary.csv` என்று சேமித்துக்கொள்ளுங்கள்.

```python
import pandas as pd
import matplotlib.pyplot as plt

df = pd.read_csv("diary.csv", parse_dates=["date"],
                 index_col="date").asfreq("D")
bands = {"fasting": (80, 130), "dinner2h": (70, 180)}

fig, axes = plt.subplots(2, 1, sharex=True, sharey=True)
for ax, (col, (lo, hi)) in zip(axes, bands.items()):
    ax.axhspan(lo, hi, color="0.85")
    ax.axhline(70, color="black", ls="--", lw=0.8)
    ax.plot(df.index, df[col], "ko-", lw=0.7)
    ax.set_title(col)
axes[0].set_ylim(40, 300)
fig.autofmt_xdate()
fig.savefig("diary.pdf")
```

`axhspan`தான் பட்டை. பச்சைக்குப் பதில் வெளிர் சாம்பல் போட்டிருக்கிறேன், கறுப்பு வெள்ளையில் அச்செடுத்தாலும் பட்டையும் புள்ளியும் தனித்தனியாகத் தெரியும். `asfreq("D")` இருப்பதால் நோட்டில் ஒரு நாள் முழுவதுமே விட்டுப்போனாலும் அந்தத் தேதிக்குக் காலியாக ஒரு வரிசை வந்துவிடும். காலியான இடத்தில் கோடும் விட்டுப்போகும். 6-ஆம் தேதி காலை பார்க்கவில்லை என்பது படத்திலேயே தெரிய வேண்டும், 5-ஐயும் 7-ஐயும் கோடு போட்டு மூடக் கூடாது. ஒரே தேதி இரண்டு வரியில் வந்தால் `cannot reindex on an axis with duplicate labels` என்று பிழை வரும். அப்படி வந்தால் நோட்டில் அந்தத் தேதியைத் தேடிப் பாருங்கள், பெரும்பாலும் நள்ளிரவு தாண்டி எழுதியதாக இருக்கும்.

`set_ylim` வரியை மட்டும் எடுத்துவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் மென்பொருள் அளவுகளுக்கு ஏற்றபடி அச்சை இழுத்துக்கொள்ளும். இந்த மாதம் 65 முதல் 185 வரை, அடுத்த மாதம் 60 முதல் 280 வரை என்று ஆகிவிட்டால் இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாது.

தாரணி_எழில்

ஓடியது! மேல் கட்டத்தில் 128 ஒன்றைத் தவிர எல்லாப் புள்ளியும் பட்டைக்கு மேலே, வலது பக்கம் போகப் போக ஏறுகிறது. கீழ்க் கட்டத்தில் எல்லாம் பட்டைக்குள், ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை. டாக்டர் சொன்னது இப்போது புரிகிறது. ஆனால் 128 உள்ளே, 132 வெளியே என்று அப்பா ஒவ்வொரு புள்ளிக்கும் கவலைப்படுகிறாரே?

செவிலி_அமுதா

அதற்குக் கவலையே வேண்டாம். வீட்டு மீட்டருக்கான சர்வதேசத் தரம் ISO 15197. அதன் 2013 பதிப்புப்படி 100-க்குக் கீழே 15 அளவு முன்பின், 100-க்கு மேலே 15 சதவீதம் முன்பின், இதற்குள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து அளவு வந்தால் மீட்டர் தேறிவிடும். ரத்தத்தில் உண்மையில் 140 இருந்தால் மீட்டர் 119 காட்டினாலும் 161 காட்டினாலும் தரத்துக்குள்தான். அதனால் 128-க்கும் 132-க்கும் நடுவில் வித்தியாசம் இருப்பதாகவே நினைக்க வேண்டாம். கையைக் கழுவித் துடைக்காமல் குத்தினால் விரலில் ஒட்டியிருக்கும் இனிப்பே அளவை ஏற்றிவிடும், அது வேறு கணக்கு.

அதே காரணத்தால்தான் ஒரு புள்ளியை வைத்து நான் எதுவும் சொல்வதில்லை. ஆனால் பன்னிரண்டு புள்ளியும் சேர்ந்து ஒரே திசையில் நகர்ந்தால் அதை மீட்டர் பிழை என்று தள்ள முடியாது. பிழை என்றால் மேலும் கீழும் சிதறியிருக்கும். ஒரு ஸ்ட்ரிப் டப்பா முடிந்து புதிது திறந்த நாளிலிருந்து ஏற்றம் ஆரம்பித்ததா என்று மட்டும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

முகில்வாணன்

எனக்கும் இதே பிரச்சினைதான். கையில் சென்சார் போட்டிருக்கிறேன். சென்சாரில் 110 காட்டும்போது விரலில் குத்தினால் 128. எது சரி? இரண்டையும் ஒரே படத்தில் போட்டால் எந்தப் பட்டை?

செவிலி_அமுதா

உங்களுடையது வேறு கேள்வி முகில். சென்சார் அளப்பது ரத்தத்தில் இல்லை, தோலுக்கு அடியில் செல்களுக்கு நடுவில் இருக்கும் நீரில். சர்க்கரை வேகமாக ஏறும்போதோ இறங்கும்போதோ அது சில நிமிடம் பின்தங்கித்தான் வரும். இரண்டு கருவிக்கும் தனித்தனிப் பிழையும் உண்டு. ஒரே படத்தில் போட்டால் வேறு வேறு குறி போடுங்கள், ஒரு கோட்டில் இணைக்காதீர்கள். சென்சாரின் எண்ணும் உடம்பில் தெரிவதும் ஒத்துப்போகவில்லை என்றால் விரலில் பார்த்து முடிவெடுங்கள்.

ரேவதி_ம

இந்த நிரலை நானும் எடுத்து ஓட்டினேன். ஏழாவது மாதம், கர்ப்பகாலச் சர்க்கரை. ஃபாஸ்டிங் 98, 101, 97 என்று வருகிறது, பட்டைக்கு நடுவில் அழகாக உட்கார்ந்திருக்கிறது. அப்படியென்றால் எனக்கு நன்றாக இருக்கிறதுதானே?

செவிலி_அமுதா

இல்லை ரேவதிம்மா, இந்தப் பட்டை உங்களுக்கானது இல்லை. கர்ப்பகாலச் சர்க்கரைக்கு வழக்கமாக வைக்கும் இலக்கு வெறும் வயிற்றில் 95-க்குக் கீழே, சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 140-க்குக் கீழே, இரண்டு மணி நேரம் என்றால் 120-க்குக் கீழே. நீங்கள் சொன்ன மூன்றும் 95-க்கு மேலே. பயப்பட வேண்டாம், ஆனால் அடுத்த பரிசோதனை வரும் வரை காத்திருக்காமல் இந்த எண்களை உங்கள் மருத்துவரிடம் இந்த வாரமே சொல்லுங்கள். சாப்பிட்ட பின் எத்தனையாவது மணியில் பார்க்கிறீர்கள் என்பதை நோட்டில் தலைப்பாகவே எழுதிவையுங்கள், அதை வைத்துத்தான் மேல் எல்லை 140-ஆ 120-ஆ என்று சொல்ல முடியும்.

கோடுவரை

ரேவதி அக்காவின் கேள்வியைப் பார்த்ததும் `bands` வரியை நிரலில் எழுதி வைத்ததே ஆபத்தோ என்று தோன்றுகிறது. யார் எடுத்து ஓட்டினாலும் அவருக்கு என் எண்கள் வந்துவிடும். படத்தின் தலைப்பிலேயே "இலக்கு 80–130, மருத்துவர் சொன்னது" என்று பட்டையின் எண்ணையும் அதை யார் கொடுத்தார்கள் என்பதையும் அச்சிடுவது நல்லது.

செவிலி_அமுதா

கட்டாயம். தாரணிக்கும் இது பொருந்தும். அப்பாவுக்குச் சர்க்கரை தவிர வேறு என்னென்ன இருக்கிறது?

தாரணி_எழில்

இதயம் பலவீனம், சிறுநீரகம் கொஞ்சம் குறைவாக வேலை செய்கிறது, மூட்டுவாதம், ரத்த அழுத்தம். மாத்திரை டப்பாவை நாங்கள்தான் நிரப்பி வைக்கிறோம்.

செவிலி_அமுதா

அப்படியென்றால் 80–130 அவருக்குக் கொஞ்சம் இறுக்கமாக இருக்கலாம். வயதானவர்களுக்கு நாள்பட்ட நோய்கள் மூன்று நான்கு சேர்ந்திருந்தால் வெறும் வயிற்றில் 90–150, படுக்கப் போகும்போது 100–180 என்று தளர்த்தி வைப்பது வழக்கம். அந்த வயதில் சர்க்கரை கொஞ்சம் கூடுவதைவிட லோ ஆகித் தடுக்கி விழுவதுதான் பெரிய ஆபத்து.

இப்போது பட்டையை 90–150 என்று மாற்றி மறுபடி வரைந்து பாருங்கள். வெளியே நிற்பது 151, 153, 156 மூன்றுதான், மூன்றுமே கடைசி வாரம். அதே பன்னிரண்டு அளவு. 80–130 போட்டால் "ஆரம்பத்திலிருந்தே சரியில்லை" என்று படிக்கிறோம். 90–150 போட்டால் "நன்றாக இருந்தது, இப்போதுதான் எல்லையைத் தாண்ட ஆரம்பிக்கிறது" என்று படிக்கிறோம். முதலாவதற்கு மருந்தைக் கூட்டத் தோன்றும், இரண்டாவதற்கு இந்த இரண்டு வாரத்தில் என்ன மாறியது என்று கேட்கத் தோன்றும். எது அவருக்கான பட்டை என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், நான் ஊகித்துச் சொல்ல மாட்டேன்.

வேணு_கணக்கன்

காலையில் மட்டும் ஏறுகிறது என்றால் காரணம் தெளிவு. இரவில் தூக்கத்தில் லோ ஆகிறது, உடம்பு பதறி ஈரலிலிருந்து சர்க்கரையைக் கொட்டுகிறது, காலையில் அதிகமாகக் காட்டுகிறது. சோமோகி விளைவு என்பார்கள். இரவு மருந்தைப் பாதியாகக் குறைத்தால் காலை அளவு இறங்கிவிடும். என் மாமாவுக்கு இப்படித்தான் சரியானது.

செவிலி_அமுதா

வேணு சார், அப்படி ஒரு விளக்கம் உண்டு, நாங்களும் படித்தோம். ஆனால் சென்சார் வந்த பிறகு இரவு முழுவதும் பார்க்க முடிகிறது. இரவில் லோ ஆனவர்களுக்குக் காலையில் பெரும்பாலும் குறைவாகத்தான் இருக்கிறது. விடியற்காலையில் சுரக்கும் ஹார்மோன்களே சர்க்கரையை ஏற்றுவதுதான் அதைவிடச் சகஜம். உங்கள் மாமாவுக்கு நடந்ததை இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இந்தப் படத்தை வைத்து இரண்டில் எது என்று யாராலும் சொல்ல முடியாது. இரவு ஒன்பதரைக்கு ஒரு புள்ளி, காலை ஆறுக்கு ஒரு புள்ளி, நடுவில் எட்டரை மணி நேரம் வெறுமை. ஊகத்தில் மருந்தைக் குறைக்கவும் கூடாது, கூட்டவும் கூடாது. டாக்டரிடம் கேட்டு இரண்டு மூன்று இரவு மூன்று மணிக்கு எழுப்பிப் பார்க்கலாம். 70-க்குக் கீழே இருந்தால் எழுதுவதெல்லாம் அப்புறம், முதலில் 15 கிராம் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்து 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

வேணு_கணக்கன்

சரி, மூன்று மணி அளவு வரட்டும். ஆனாலும் இரவு லோவை அவ்வளவு சுலபமாக ஒதுக்க முடியாது என்றுதான் இன்னும் நினைக்கிறேன்.

தாரணி_எழில்

இன்று டாக்டரிடம் புதுப் படத்தைக் காட்டினேன். படத்தின் மேலேயே பேனாவால் 90–150 என்று எழுதிக் கொடுத்தார். மருந்தை மாற்றவில்லை. மூன்று மணி அளவு சில இரவு பார்த்து வரச் சொன்னார். இரண்டு இரவு பார்த்தாயிற்று: 139, காலையில் 154, மறுநாள் 143, காலையில் 157. இதை எந்தத் தேதியில் எழுதுவது? அப்பா இரவு அளவுக்குக் கீழே, முந்தின நாள் பக்கத்திலேயே எழுதியிருக்கிறார்.

இன்னொன்று, நேற்று அக்கா வீட்டில் சாப்பிட்ட பின் மீட்டர் எண்ணே காட்டவில்லை, `HI` என்று வந்தது. கை கழுவி மறுபடி குத்தியபோது 214. முதலில் வந்ததையும் அப்படியே கோப்பில் எழுதினேன், கீழ்க் கட்டத்தில் ஒரு புள்ளியும் தெரியவில்லை.

கோடுவரை

`HI` எழுத்து என்பதால் அந்த நெடுவரிசை முழுவதும் எண்ணாக இல்லாமல் எழுத்தாக மாறிவிடும், அதனால்தான் புள்ளிகள் தெரியவில்லை. இணையத்தில் தேடினால் `errors="coerce"` போடு என்றுதான் சொல்வார்கள். அதை மட்டும் போட்டால் மற்ற புள்ளிகள் திரும்பி வந்துவிடும், ஆனால் மாதத்திலேயே உயர்ந்த அளவு காலி இடமாக மாறி, பார்க்க மறந்த நாள் மாதிரி தெரியும். பல மீட்டர்களில் `HI` என்றால் 600-க்கு மேல் என்று பொருள். உங்களுக்கு மறுபடி பார்த்ததில் 214 வந்ததால் அதையே எழுதிவிட்டு ஓரத்தில் குறிப்புப் போடலாம். உண்மையிலேயே `HI` என்றால் அச்சின் உச்சியில் முக்கோணமாகக் காட்டுங்கள்:

```python
# வரையும் சுழற்சிக்கு முன்
top = df["dinner2h"] == "HI"
df["dinner2h"] = pd.to_numeric(df["dinner2h"], errors="coerce")

# சுழற்சிக்குப் பின், savefig வரிக்கு முன்
axes[1].plot(df.index[top], [295] * top.sum(), "k^", ms=9)
```

மூன்று மணி அளவுக்கு `night3` என்று தனி நெடுவரிசை வையுங்கள், தேதி விடியும் நாளுடையது. அப்போதுதான் 139-உம் 154-உம் ஒரே வரியில் வரும். மேல் கட்டத்திலேயே உள்ளே வெறுமையான வட்டமாக, கோடு இல்லாமல் போட்டால் போதும்:

```python
axes[0].plot(df.index, df["night3"], "ko", mfc="white")
```

செவிலி_அமுதா

கோடுவரை தம்பி சொன்ன தேதி முறையே சரி. `HI` வந்து மறுபடி பார்த்தும் `HI` என்றால், அல்லது வாந்தி, மூச்சு வாங்குவது, சோர்வு என்று ஏதாவது சேர்ந்திருந்தால், அதைப் படத்தில் எப்படிக் காட்டுவது என்று யோசிக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போக வேண்டும்.

139, 143 இரண்டிலும் லோ இல்லை. மூன்று மணியிலிருந்து காலைக்குள் 15, 14 ஏறியிருக்கிறது, விடியற்கால ஏற்றம் மாதிரிதான் தெரிகிறது. மீட்டர் பிழையே அந்த அளவு இருக்கும் என்பதால் இரண்டு இரவை வைத்து முடிவாகச் சொல்ல மாட்டேன், வேணு சார் சொன்னதையும் இன்னும் ஒதுக்கவில்லை. மூன்றாவது இரவையும் பாருங்கள். நோட்டில் இன்னொரு நெடுவரிசையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று. இந்த இரண்டு வாரத்தில் சாப்பிடும் நேரம் தள்ளிப்போனதா?

தாரணி_எழில்

தம்பி வேலை மாறியதிலிருந்து அவன் வந்த பிறகுதான் எல்லோரும் சாப்பிடுகிறோம் அக்கா. முன்பு ஏழரை மணி, இப்போது சில நாள் ஒன்பது தாண்டுகிறது. எந்தெந்த நாள் என்று அம்மாவிடம் கேட்டு, நேரத்தையும் கோப்பில் சேர்த்து மறுபடி வரைந்து போடுகிறேன்.